ஐம்பது சொல்லில் ஓர் உணவகம்: சுருங்குவது சொல்லா, நியாயமா?

நீண்ட உணவகத் திறனாய்வை ஐம்பது சொல்லாகச் சுருக்குவது பற்றி இரு தரப்பினர் பேசுகின்றனர். இரு தரப்பும் தவறு. ஐம்பது சொல்லில் நியாயமான தீர்ப்பு இயலவே இயலாது, நுட்பம் விரிவில்தான் வாழும் என்பது முதல் தரப்பு. சுருக்கம் என்றால் சுருக்கென்று தைக்க வேண்டும், நியாயத்தைப் பற்றிய கவலை நீண்ட கட்டுரைக்கே உரியது என்பது இரண்டாவது தரப்பு. முன்னவர் கல்விப்புலத்தில் மிகுதி. பின்னவர் இதழியலில் மிகுதி. இருவரும் ஒரு பிழையைப் பகிர்ந்துகொள்கின்றனர். சொற்கள் குறைந்தால் நியாயமும் அதே விகிதத்தில் குறையும் என்று இருவரும் நம்புகின்றனர்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. நியாயத்தைத் தாங்குபவை மிகச் சில சொற்கள். எத்தனை முறை, எந்த நாள், எந்தப் பண்டம், எந்த அளவுகோல் என்பனவே அவை. சுருக்குவோர் முதலில் வெட்டுவதும் இவற்றையே. அவர்கள் விட்டுவைப்பது அடைமொழிகளையும் உவமைகளையும். ஆகவே குற்றம் ஐம்பது என்ற எண்ணில் இல்லை. கத்தி விழும் இடத்தில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதைப் பார்க்கலாம். ஐதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு சிற்றுண்டிக் கடை. விளக்கத்துக்காகப் புனையப்பட்ட கடை இது. எந்த உண்மைக் கடையையும் குறிப்பதன்று. இடம் மட்டும் காரணத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்டது. ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தை உருவாக்கிய அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கிய அந்தப் பகுதியில், பொதுத்துறைப் பணிக்கென்று பல மாநிலங்களிலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் உண்டு. தெலுங்கு நாக்கும் தமிழ் நாக்கும் கன்னட நாக்கும் ஒரே மேசையில் ஒரே சாம்பாரைச் சுவைக்கும் இடம் அது. அளவுகோல் பற்றிய சிக்கல் இத்தகைய இடத்தில்தான் வெளிச்சத்துக்கு வரும்.

அக்கடையைப் பற்றித் தமிழர் ஒருவர் அறுநூறு சொல்லில் திறனாய்வு எழுதியிருப்பதாகக் கொள்வோம். அவர் சனி, செவ்வாய், ஞாயிறு என மூன்று நாள் காலையில் சென்றார். மூன்று முறையும் இட்லியும் பெசரட்டும் உண்டார். இரண்டிலும் குறை காணவில்லை. மூன்று முறையும் சாம்பார் இனித்தது. கடை உடுப்பி முறைச் சமையல் என்று பலகையிலேயே எழுதியிருக்கிறது. இருமுறை வடை வாங்கினார். ஒருமுறை அது ஆறியிருந்தது. சொன்னதும் சூடான வடையைக் கொண்டுவந்தனர். செவ்வாயன்று பத்து நிமிடமும் சனியன்று பதினைந்து நிமிடமும் ஞாயிறன்று நாற்பது நிமிடமும் காத்திருந்தார். ஞாயிறுதோறும் இதே நிலைதான் என்று பரிமாறுபவர் சொன்னார். இருவர் உண்ண முந்நூறு ரூபாய் தாண்டவில்லை. மதியச் சாப்பாட்டை அவர் உண்ணவில்லை. இவற்றோடு இருசக்கர வாகனம் நிறுத்த இடமின்மை பற்றி ஒரு பத்தியும், தம் பாட்டி வைத்த சாம்பாரைப் பற்றி இரண்டு பத்தியும் எழுதினார்.

இனி, வழக்கமான சுருக்கம் எப்படி அமையும்? அன்றாடம் கண்ணில் படும் பாணியில் எழுதினால் இப்படி:

"ஏ.எஸ்.ராவ் நகரின் பரபரப்பான சாலையில் இருக்கும் இந்தக் கடையில் இட்லி பஞ்சுபோல் மென்மை, பெசரட்டு அருமையிலும் அருமை. ஆனால் சாம்பாரோ சர்க்கரைப் பாகு! வடை ஆறிப்போய் வந்தது. ஓர் இட்லிக்காக நாற்பது நிமிடம் தெருவில் நிற்க வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது. பாட்டி வைத்த சாம்பாரின் மணத்தை நினைத்து ஏங்கும் தமிழ் நாக்குக்கு இங்கே ஏமாற்றமே மிச்சம். விலை மட்டும் கையைக் கடிக்கவில்லை. மொத்தத்தில் சட்டியில் சரக்குண்டு, சாம்பாரில் இல்லை."

எண்ணிப் பார்க்கலாம், சரியாக ஐம்பது சொல். இதில் பொய் என்று சுட்டத்தக்க தகவல் ஒன்றும் இல்லை. இட்லி மென்மை என்பது உண்மை. சாம்பார் இனித்தது உண்மை. வடை ஆறியிருந்தது உண்மை. நாற்பது நிமிடம் உண்மை. ஒவ்வொன்றும் மூலத்தில் இருக்கிறது. ஆனால் மொத்தம் பொய். மூன்று முறையும் மனநிறைவோடு எழுந்த ஒருவரின் திறனாய்வு, ஏமாந்து திரும்பியவரின் புலம்பலாக மாறிவிட்டது.

மாற்றியது எது? நான்கு இழப்புகள். நாற்பது நிமிடத்தின் முன் இருந்த "ஞாயிறன்று" போயிற்று. மூன்று காத்திருப்புகளில் மிக மோசமானது மட்டும் தங்கி, அதுவே விதியாயிற்று. வடையின் முன் இருந்த "இருமுறையில் ஒருமுறை" போயிற்று. அதன்பின் இருந்த "மாற்றினர்" போயிற்று. சாம்பாரின் முன் இருந்த "உடுப்பி" போயிற்று. இந்த நான்கையும் திரும்பச் சேர்க்க ஏழெட்டுச் சொற்கள் போதும். அவற்றுக்கு இடமில்லை என்று சுருக்கியவர் சொல்ல முடியாது. பாட்டியின் சாம்பாருக்கும் தமிழ் நாக்கின் ஏக்கத்துக்கும் மட்டும் பதினொரு சொல் செலவாகியிருக்கிறது. இறுதி வரியின் சொல்விளையாட்டுக்கு ஐந்து. பதினாறு சொல்லை அழகுக்குக் கொடுத்துவிட்டு, நியாயத்துக்கு இடமில்லை என்பது கணக்கன்று, சாக்கு.

உடுப்பி என்ற ஒற்றைச் சொல்லின் இழப்பே இவற்றுள் கொடியது. வெல்லம் சேர்த்த சாம்பார் உடுப்பிச் சமையலின் இயல்பு. உடுப்பிக் கடையில் சாம்பார் இனிப்பது குறையன்று; இனிக்காவிட்டால்தான் கேட்க வேண்டும். "சர்க்கரைப் பாகு" என்ற உருவகம் சமையல் மரபு ஒன்றைச் சமையற்காரரின் பிழையாக மாற்றிவிடுகிறது. தமிழ் வாசகருக்கு இனிப்பைப் பற்றி எச்சரிப்பது முறையே. ஆனால் எந்தக் கோலால் அளந்தோம் என்பதைச் சொல்லாமல் அளவை மட்டும் சொல்வது எச்சரிக்கையாகாது.

அதே மூலத்தை அதே ஐம்பது சொல்லில் இப்படியும் சுருக்கலாம்:

"மும்முறை சென்று எழுதியது: ஏ.எஸ்.ராவ் நகரில் காலைச் சிற்றுண்டிக்கு நம்பிச் செல்லத்தக்க கடை. இட்லியும் பெசரட்டும் மூன்று முறையும் குறையற்றவை. சாம்பார் உடுப்பி முறையில் இனிக்கும். தமிழ்நாட்டுச் சாம்பாரை எதிர்பார்ப்போர் இஞ்சிச் சட்னியை நாடலாம். இருமுறை வாங்கிய வடை ஒருமுறை ஆறியிருந்தது, கேட்டவுடன் மாற்றினர். செவ்வாயன்று பத்து நிமிடக் காத்திருப்பு. ஞாயிறன்று நாற்பது நிமிடம். எல்லா ஞாயிறும் அப்படித்தானாம். மதியச் சாப்பாட்டைச் சுவைத்துப் பார்க்கவில்லை. இருவர் உண்ண முந்நூறு ரூபாய்க்குள்."

இதுவும் ஐம்பதுதான். இதில் பஞ்சும் இல்லை, பாகும் இல்லை, பாட்டியும் இல்லை. வாகன நிறுத்தமும் சனிக்கிழமையின் பதினைந்து நிமிடமும் விடப்பட்டன. அவற்றை விட்டதால் தீர்ப்பு எப்பக்கமும் சாயவில்லை. வெட்டத்தக்கது எது என்பதற்கு இதுவே அளவுகோல்: எடுத்தபின் தீர்ப்பு அசையாவிட்டால் அதை எடுக்கலாம், அசைந்தால் அது தகவலன்று, தீர்ப்பின் பகுதி.

இச்சுருக்கம் எழுதப்பட்ட வரிசையையும் கவனிக்க வேண்டும். முதலில் எழுதப்பட்டது தீர்ப்பு. எதற்கு நம்பலாம் என்ற வரையறையோடு: "காலைச் சிற்றுண்டிக்கு". அடுத்து ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பின்னம்: மூன்றில் மூன்று, இரண்டில் ஒன்று. இந்தப் பின்னத்தின் கீழெண்ணில்தான் நல்லெண்ணம் கொண்டோரும் வழுக்குவர். "ஒருமுறை மட்டும் வடை ஆறியிருந்தது" என்று எழுதினால் கடைக்கு இரங்குவதுபோல் தோன்றும். ஆனால் மும்முறை சென்றதாக முதலிலேயே சொல்லியிருப்பதால் வாசகர் அதை மூன்றில் ஒன்று என்று எண்ணுவார். வடை வாங்கியதோ இருமுறைதான். உண்மை பாதிக்குப் பாதி. நியாயம் என்பது கடைக்கு மட்டும் காட்டும் கருணையன்று. நாளை வடை வாங்கப்போகும் வாசகருக்கும் அது கடன்.

இவ்விடத்தில் தமிழின் அமைப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஐம்பது சொல் போதாது என்போர் பெரும்பாலும் ஆங்கிலத்தின் ஐம்பதை மனத்தில் வைத்தே பேசுகின்றனர். மேற்கண்ட சுருக்கத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தால் ஏறத்தாழ இருமடங்கு சொல் பிடிக்கும். வேற்றுமையும் இடைச்சொல்லும் காலமும் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும் மொழி தமிழ். ஆங்கிலம் தனிச்சொல் செலவழித்துச் சொல்லும் நிபந்தனைகளைத் தமிழ் விகுதியில் சொல்லிவிடுகிறது. நியாயத்தின் கருவிகள் இங்கே பெரும்பாலும் இலவசம்.

முதற்கருவி உம்மை. நன்னூல் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறும். அவற்றுள் இரண்டு இங்கே பயன்படுகின்றன. "மூன்று முறையும் குறையற்றவை" என்பதில் உள்ளது முற்றும்மை. சென்ற முறை அனைத்தும் அடங்கின, விதிவிலக்கு இல்லை என்பதை ஒரே விகுதி உறுதிசெய்கிறது. ஆனால் "வடையும் ஆறியிருந்தது" என்று எழுதிப் பாருங்கள். அங்கே உள்ளது எச்சவும்மை. வேறு ஏதோ ஒன்றும் ஆறியிருந்தது என்ற குற்றச்சாட்டை அது சொல்லாமல் சொல்லிவிடும். இட்லி சூடாக இருந்ததை அறிந்தவரே, ஓசைக்காக ஓர் உம்மையைச் சேர்த்து, இட்லியின் மீதும் பழி போட்டுவிடலாம். ஒரு சொல்லும் கூடாமல் ஒரு பொய் கூடிவிடும்.

இரண்டாம் கருவி வினையின் காலம். "சாம்பார் இனித்தது" என்பது நடந்த ஒன்றைச் சொல்கிறது. "சாம்பார் இனிக்கும்" என்பது வழக்கத்தைச் சொல்கிறது. நாளை செல்பவருக்கும் அதுவே கிடைக்கும் என்று உறுதி தருகிறது. மூன்று முறையும் இனித்திருக்கிறது, சமையல் முறையும் அதற்குக் காரணம் காட்டுகிறது. ஆகவே "இனிக்கும்" என்று சொல்ல உரிமை உண்டு. வடைக்கு அந்த உரிமை இல்லை. "ஆறியிருந்தது" என்பது சாட்சியம். "வடை ஆறித்தான் வரும்" என்பது அவதூறு. ஒரே ஒருமுறை சென்று வந்தவர் "இங்கே சேவை தாமதமாகும்", "காரம் தூக்கலாக இருக்கும்" என்றெல்லாம் எழுதுவதை நாள்தோறும் காண்கிறோம். அவர் உண்டது ஒரு வேளை. எழுதும் வினைமுற்றோ எல்லா வேளைகளையும் ஆள்கிறது. சுருக்குவோர் இந்த மாற்றத்தைத் தம்மை அறியாமலேயே செய்கின்றனர். செய்யும் என்னும் வாய்பாட்டு வினை செய்தது என்பதைவிடத் தீர்ப்புப்போல் ஒலிப்பதுதான் காரணம்.

மூன்றாம் கருவி "ஆம்". "எல்லா ஞாயிறும் அப்படித்தானாம்" என்பதில் திறனாய்வாளர் கண்டதற்கும் கேட்டதற்கும் இடையில் ஒரு கோடு விழுகிறது. அவர் கண்டது ஒரு ஞாயிறு. மற்றவை பரிமாறுபவரின் வாய்மொழி. அந்த விகுதியை நீக்கி "எல்லா ஞாயிறும் அப்படித்தான்" என்று எழுதினால், காணாத ஞாயிறுகளுக்கும் அவரே சாட்சியாகிவிடுகிறார். ஆங்கிலத்தில் இந்தக் கோட்டை இழுக்க ஒரு சிறு தொடர் தேவைப்படும். தமிழில் ஓரசை போதும். இத்தகைய வசதி இருந்தும் பயன்படுத்தாதவர் மொழியைக் குறைசொல்ல வேண்டா.

இதற்கு எதிராக ஒரு கேள்வி நியாயமாக எழும். சொல் என்பது இடைவெளிக்கு இடைவெளி எண்ணப்படும்போது, சேர்த்தெழுதியே எத்தனை சொல்லையும் ஐம்பதுக்குள் அடக்கிவிடலாமே? உண்மைதான். "செல்லத்தக்க" என்பது ஒன்றா இரண்டா என்பதில் எழுதுவோரிடையே ஒற்றுமை இல்லை. ஒட்டவே ஒட்டாதவற்றை ஒட்டி எண்ணிக்கையை ஏமாற்றுவோரும் உண்டு. தீர்வு எளிது: துணைவினைகளும் ஒட்டுச்சொற்களும் சேர்ந்து வரும், பெயரும் அடையும் பிரிந்து நிற்கும் என்பதுபோல் ஒரு முறையை முன்கூட்டியே வரித்துக்கொண்டு, அதை அனைவர்க்கும் ஒன்றாகக் கடைப்பிடிப்பது. வரம்பின் நோக்கம் வாசகரின் நேரத்தை மதிப்பது. சேர்த்தெழுதி ஏமாற்றுபவர் எண்ணியை ஏமாற்றலாம். வாசகரின் மூச்சை ஏமாற்ற முடியாது.

சுருக்கமும் நியாயமும் ஒன்றாக வாழ முடியுமா என்பது புதிய கேள்வியுமன்று. 1979இல் நியூயார்க்கில் டிம் சகாட், நீனா சகாட் என்னும் வழக்கறிஞர் தம்பதியர், நண்பர்களிடம் உணவகங்களைப் பற்றிக் கருத்துத் திரட்டத் தொடங்கினர். அது சகாட் கையேடு என்று வளர்ந்தது. உணவு, அலங்காரம், சேவை ஆகிய மூன்றுக்கும் முப்பதுக்கு இத்தனை எனத் தனித்தனி மதிப்பெண், செலவுக்குத் தனி எண், அதன்பின் வாசகர்களின் சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டுக் கோத்த ஒரு சிறு பத்தி. அந்த அமைப்பில் ஒரு பெரும் அறிவு இருந்தது. உணவும் சேவையும் தனித்தனியே அளக்கப்பட்டதால், மெதுவான பரிமாறல் நல்ல சமையலைத் தின்றுவிட முடியாது. மேலே கண்ட மோசமான சுருக்கத்தில் நடந்தது அதுதான்: காத்திருப்பின் கசப்பு இட்லியின் மீது இறங்கியது.

ஆனால் அதன் பத்தியில் ஒரு குறையும் இருந்தது. மேற்கோள் குறிக்குள் வந்த இரண்டு மூன்று சொற்கள் யாருடையவை, அவர் எத்தனை முறை சென்றார், எந்த நாளில் சென்றார் என்பது வாசகருக்குத் தெரியாது. பலருடைய குரல் என்பதே அங்கே நிபந்தனைகளுக்கு ஈடாக நின்றது. பலர் சொன்னால் தற்செயல் கழிந்துவிடும் என்ற வாதம் ஓரளவு செல்லும். ஒற்றைத் திறனாய்வாளரைச் சுருக்கும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே தற்செயலைக் கழிக்கக்கூடியது அவரே தந்த எண்ணிக்கை ஒன்றுதான். கூட்டத்தின் பாணியைத் தனியொருவருக்குப் பொருத்தி, நிபந்தனைகளை உதறிச் சுவையான துணுக்குகளை மட்டும் கோப்பதுதான் இன்றைய சுருக்கங்களின் பெருநோய்.

நிபந்தனை நிறைந்த சுருக்கம் வறண்டிருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள் என்பது அடுத்த மறுப்பு. ஐம்பது சொல் திறனாய்வைப் படிப்பவர் யார் என்று எண்ணினால் இது கரைந்துவிடும். அவர் இலக்கிய இன்பம் நாடி வருபவரல்லர். பசியோடு, கையில் சிறு பணத்தோடு, இந்த ஞாயிறு அங்கே போகலாமா என்று கேட்பவர். அவருக்கு "நாற்பது நிமிடம்" என்பதைவிட "ஞாயிறன்று" என்பதே சுவையான சொல். நடைநயத்தை நாடுவோர்க்கு அறுநூறு சொல் மூலம் இருக்கவே இருக்கிறது. பாட்டியின் சாம்பார் அங்கே நலமாகக் கொதிக்கட்டும்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. ஒரே முறை சென்று எழுதிய மூலத்தை எத்தனை திறமையாகச் சுருக்கினாலும் அது ஒரு வேளையின் செய்தியே, தீர்ப்பாகாது. அங்கே நேர்மையான சுருக்கம் "ஒருமுறை உண்டதன்பேரில்" என்று தொடங்கி, எல்லா வினையையும் இறந்தகாலத்தில் முடிக்கும். உண்டபின் உடல்நலம் கெட்டது என்பதுபோன்ற குற்றச்சாட்டை ஐம்பதுக்குள் அடக்கவே கூடாது. எப்போது உண்டார், வேறு என்ன உண்டார், உடன் உண்டோர் நிலை என்ன, கடையின் பதில் என்ன என்பவை இன்றி அதற்குப் பொருளில்லை. அவற்றோடு சேர்த்தால் ஐம்பது போதாது. அத்தகைய மூலத்தைச் சுருக்காமல் முழுதாக வெளியிடுவதே முறை.

சுருக்கம் நியாயமானதா என்று அறிய ஒரு சோதனை போதும். மூலத்தைப் படிக்காத ஒருவரிடம் ஐம்பது சொல்லை மட்டும் கொடுத்து மூன்று கேள்வி கேட்கலாம். எழுதியவர் எத்தனை முறை சென்றார்? எந்தக் குறை எத்தனை முறை நேர்ந்தது? எழுதியவர் மீண்டும் அங்கே செல்வாரா? முதலிரண்டுக்கு விடை சொல்ல முடியாமல், மூன்றாவதற்கு மட்டும் அவர் உறுதியாக விடை சொன்னால், அந்தச் சுருக்கம் கெட்டது. அது சான்றைக் கொடுக்காமல் முடிவை மட்டும் கொடுத்திருக்கிறது. மேற்கண்ட முதல் சுருக்கத்தைப் படித்தவர் "செல்லமாட்டார்" என்பார். மும்முறை சென்று மும்முறையும் இட்லியைக் காலிசெய்தவரைப் பற்றிய விடை அது.

ஐம்பது சொல் குறைவு என்று புலம்புவோரும், ஐம்பது சொல் என்பதால் எதையும் எழுதலாம் என்போரும் ஒருமுறை தங்கள் சுருக்கங்களை எடுத்து, அவற்றில் எத்தனை அடைமொழி, எத்தனை எண் என்று எண்ணிப் பார்க்கட்டும். அடைமொழி மிகுந்து எண் இல்லாமல் இருந்தால், வரம்பை நூறாக்கினாலும் கிடைக்கப்போவது இன்னும் ஐம்பது அடைமொழிதான்.